காய்ச்சல் ஏற, அணுக்கள் இறங்க

வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். களை எடுக்கப் போகும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. இரண்டு வகை ஆன்டிபயாடிக் கொடுத்தும் சூடு 102-க்குக் கீழே இறங்கவில்லை. இவர் விளக்கத்துக்காக நான் உருவாக்கிய நோயாளி. ஆனால் மழைக்காலம் முடிந்த மாதங்களில் நம்மூர் மருத்துவமனைகளுக்கு இவரைப் போன்றவர்கள் வரத்தான் செய்கிறார்கள்.

ரத்த அறிக்கை வருகிறது. ஹீமோகுளோபின் 8.4, வெள்ளை அணுக்கள் 1,900, தட்டணுக்கள் 62,000. இங்கேதான் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாக்டீரியாத் தொற்று கடுமையானால் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் கூடும். இவருக்கோ மூன்று வகை அணுக்களும் ஒன்றாகச் சரிகின்றன. அடுத்து ஃபெர்ரிட்டின் பார்க்கிறார்கள். உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் அது. பெண்களுக்குச் சாதாரணமாக 150-க்குள் இருப்பது இவருக்கு 14,200.

ஹீமோஃபேகோசைட்டிக் லிம்போஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற நீண்ட பெயரை மருத்துவர்களே எச்.எல்.எச். என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள். கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் வேலை சில வெள்ளை அணுக்களுக்கு உண்டு. அந்தச் செல்லில் துளை போட்டு அழித்ததும் அவை விலகிவிடும், சண்டையும் அடங்கும். எச்.எல்.எச்.-இல் கொல்லும் வேலை முடிவதில்லை. முடியாததால் உதவி கேட்கும் ரசாயனங்கள் நிற்காமல் கொட்டுகின்றன. அதில் வெறியேறும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கி அணுக்கள், எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் நம் ரத்த அணுக்களையே தின்னத் தொடங்குகின்றன. ஃபெர்ரிட்டினைக் கொட்டுவதும் பெரும்பாலும் இவைதான். குழந்தைகளில் சிலருக்குத் துளை போடும் கருவியே பிறவியில் பழுதாக இருக்கும். பெரியவர்களுக்குத் தொற்றோ, நிணநீர்ப் புற்றுநோயோ, மூட்டுவாதம் சார்ந்த நோயோ தூண்டுகோலாகிறது.

ஃபெர்ரிட்டின் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கல்லீரல், சிறுநீரக நோய்களிலும் டெங்குவிலும்கூட அது எகிறும். அதனால் 2004-இல் வகுத்த எட்டு அடையாளங்களில் ஐந்தாவது பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இவருக்குக் காய்ச்சல், அணுக்குறைவு, ஃபெர்ரிட்டின் என மூன்று ஆயிற்று. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது. ரத்தம் உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் 110-க்கு இறங்கியிருக்கிறது. 150-க்குக் கீழே போனாலே கணக்கில் சேரும். ஐந்து ஆகிவிட்டது. மஜ்ஜைப் பரிசோதனையில் அணுவை அணு தின்னும் காட்சி தெரிந்தால்தான் நோய் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் பலருக்கு அது தெரியாது. இன்னொரு விந்தை: ஃபைப்ரினோஜன் குறைவதால், காய்ச்சல் கொதிக்கும்போதே ஈ.எஸ்.ஆர். இறங்கும். அதைப் பார்த்து நோய் தணிகிறது என்று ஏமாந்துபோவதும் உண்டு.

அவசரம் என்பது இதனால்தான். இந்தத் தீ தானாக அணைவது அரிது. கல்லீரல் செயலிழக்கும், எங்காவது ரத்தம் கசியும், மூளை பாதித்தால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். பிறவிக் கோளாறால் வரும் வகையில், சிகிச்சை இல்லாத குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு மாதம்கூடத் தாங்கியதில்லை. பெரியவர்களிலும் சில நாள் தாமதம் ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நம் நோயாளியின் அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அது வலிக்காது, அரிக்காது. அதனால் அவரும் சொல்லவில்லை, யாரும் கையைத் தூக்கிப் பார்க்கவுமில்லை. புதர்களில் இருக்கும் ஒரு பூச்சியின் இளம்புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸின் தழும்பு அது. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு டாக்சிசைக்ளின் தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் விட்டு, அணுக்களும் ஏறிவிடும். கூடவே ஸ்டீராய்டு தேவைப்படுபவர்களும் உண்டு. ஆக, காரணத்தைத் தேடுவதும் சிகிச்சையின் பாதி வேலை.

காரணம் சிக்காமல் நோயாளி சரிந்துகொண்டே போனால் டெக்ஸாமெத்தசோனும் எட்டோபோசைடும் கொடுக்கிறார்கள். எட்டோபோசைடு புற்றுநோய் மருந்து, அணுக்களைக் குறைக்கும். ஏற்கெனவே அணுக்கள் குறைந்தவருக்கு இதைக் கொடுப்பதா என்று குடும்பத்தார் பதறுவது நியாயம்தான். ஆனால் அணுக்களைத் தின்பது அடங்காத பாதுகாப்புப் படை என்பதால், அதை ஒடுக்கினால்தான் எண்ணிக்கை ஏறும்.

ஸ்டீராய்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மறைந்திருக்கும் நிணநீர்ப் புற்றுநோயை அது தற்காலிகமாகக் கரைத்து, பின்னால் எடுக்கும் திசுப் பரிசோதனையில் எதுவும் தெரியாதபடி செய்துவிடும். அதனால் நோயாளி தாங்குவார் என்றால் கழுத்துக் கட்டியிலோ மஜ்ஜையிலோ அன்றைக்கே திசு எடுத்துவிட்டு, அதன் முடிவு வரும்வரை காத்திராமல், அன்று மாலையே முதல் ஊசியைப் போடுகிறார்கள்.