டிஸ்க்கின் முதல் 512 பைட்

பென்டிரைவைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் சொன்னால், உடனே சம்மதித்துவிடாதீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்பதை டிஸ்க்கின் முதல் செக்டரே பெரும்பாலும் சொல்லிவிடும்.

HxD என்ற இலவச ஹெக்ஸ் வியூவரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்கை ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறக்க வேண்டும். இ:, எஃப்: போன்ற டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷனின் முதல் செக்டர்தான் தெரியும். நமக்கு வேண்டியது முழு டிஸ்க்கின் முதல் செக்டர்.

அந்த 512 பைட்டில் கடைசி இரண்டும் `55 AA` என்று முடியும். இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது; பார்ட்டிஷனின் முதல் செக்டரும் பொதுவாக இப்படித்தான் முடியும். `1BE` என்ற இடத்தில் தொடங்கும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அதில் 16 பைட் வீதம் நான்கு பதிவுகளுக்கு இடம் உண்டு. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றின் முதல் பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
00 20 21 00 07 FE FF FF
00 08 00 00 00 F8 9F 03
```

ஐந்தாவது பைட்தான் வகை எண். அது `EE` என்றிருந்தால் டிஸ்க் ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டது. அடுத்த செக்டரின் தொடக்கத்தில் `EFI PART` என்ற எழுத்துகள் அதை உறுதி செய்யும். வேறு எண் இருந்தால் பழைய எம்பிஆர் முறை. `0C` என்றால் ஃபேட்32, `83` என்றால் லினக்ஸ்.

இங்கே இருப்பது `07`. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் இதே எண்தான். எது என்று அறிய, பார்ட்டிஷன் தொடங்கும் இடத்துக்கே போக வேண்டும். இரண்டாம் வரியின் முதல் நான்கு பைட் `00 08 00 00`. இதைப் பின்னாலிருந்து படித்தால் `00000800`, அதாவது 2048-ஆவது செக்டர். அங்கே இப்படி இருக்கிறது:

```
EB 76 90 45 58 46 41 54
```

வலப்பக்க எழுத்துப் பத்தியில் `EXFAT` என்று தெரிகிறது. ஆகவே இது எக்ஸ்ஃபேட். `NTFS` என்றிருந்தால் விடை மாறியிருக்கும்.

அட்டவணை சரியாக இருந்து, 2048-ஆவது செக்டரில் வெறும் பூஜ்யங்கள் மட்டுமே இருந்தாலும் வழி உண்டு. எக்ஸ்ஃபேட் தன் தொடக்கப் பகுதியின் நகலை 12 செக்டர் தள்ளி வைத்திருக்கும். ஃபேட்32-இல் வழக்கமாக 6 செக்டர் தள்ளி. என்டிஎஃப்எஸ்-இல் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில்.

முதல் செக்டரே `EB`-யில் தொடங்கி அருகில் ஃபைல் சிஸ்டத்தின் பெயரும் இருந்தால், அந்த டிரைவ் பார்ட்டிஷன் அட்டவணை இல்லாமலே ஃபார்மேட் செய்யப்பட்டது.

அட்டவணையின் எண் அடையாளச் சீட்டு மட்டுமே. அது காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எதையும் திருத்தும் முன் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள்.