ஒரே எண்ணில் இரண்டு வீடு

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பழைய எண், புதிய எண் குழப்பம் புதிதல்ல. 12-ஆம் எண் வீட்டுக்கு என்று சொல்லிவிட்ட பார்சல், அதே தெருவில் பழைய எண் 12 உள்ள வீட்டுக்குப் போய் நிற்கும். கணினி வலையமைப்பிலும் இந்தக் கோளாறு உண்டு. ஒரே ஐபி முகவரியை இரண்டு கருவிகள் வைத்துக்கொண்டால், தகவல் ஒரு சமயம் இங்கே போகும், ஒரு சமயம் அங்கே போகும். தெருவிலாவது வாசலில் நிற்பவர் “அது நாங்க இல்லீங்க” என்று சொல்லி அனுப்புவார். இங்கே பல கருவிகள் அதையும் சொல்வதில்லை.

ஒரு சைவ ஹோட்டலை மனதில் வைத்துக்கொள்வோம். கல்லாவில் பில் போடும் கணினி. சமையல்கட்டில் ஆர்டர் சீட்டு அடிக்கும் சின்ன பிரிண்டர். இரண்டும் கேபிள் வழியாக ஒரே ரூட்டரில் இணைந்திருக்கின்றன. பிரிண்டரை மாட்டியவர் அதற்கு 192.168.1.50 என்று நிலையான முகவரி போட்டுவிட்டுப் போனார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் மதியக் கூட்டத்தில் சீட்டு வரவில்லை. பிரிண்டரை அணைத்துப் போட்டதும் வந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி நின்றது. மூன்று மணிக்கு மேல் தானாகவே சரியானது, மாலை ஆறரைக்குத் திரும்பவும் கோளாறு. பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தார்கள், கேபிளை மாற்றினார்கள், பில் மென்பொருளைத் திட்டினார்கள். பலன் இல்லை.

இந்த “வரும், போகும்” குணம்தான் முகவரி மோதலின் முதல் அடையாளம். கேபிள் அறுந்தால் எப்போதுமே வேலை செய்யாது. மோதலில் அப்படி இல்லை. சில நேரம் சரியாக ஓடும், அணைத்துப் போட்டால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மீண்டும் கெடும். கோளாறு வருவதும் போவதும் கடையில் யாரோ ஒருவர் வருவதையும் போவதையும் ஒட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் கருவிகள் உண்மையில் ஐபி முகவரியை வைத்துத் தகவலைக் கொண்டுசேர்ப்பதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று இன்னோர் எண் உண்டு. தகவல் போய்ச் சேருவது அந்த எண்ணுக்குத்தான். எனவே கல்லாக் கணினி முதலில் வலையமைப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: “192.168.1.50 யார்? உங்கள் மேக் முகவரி என்ன?” உரியவர் பதில் சொல்ல, அதைக் கணினி ஒரு சிறு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஏஆர்பி என்று பெயர். 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதிய இந்த விதிமுறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பதில் சொல்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் வழி அதில் இல்லை. இரண்டு பேர் “நான்தான்” என்றால், முதலில் வந்த பதிலோ கடைசியில் வந்த பதிலோ அட்டவணையில் உட்கார்ந்துவிடும். எது என்பது அந்தந்தக் கணினியைப் பொறுத்தது. பிரிண்டரின் எண் உட்கார்ந்தால் சீட்டு வரும். மற்றதன் எண் உட்கார்ந்தால் தோசை ஆர்டர் சமையல்கட்டுக்குப் போகாமல் வேறெங்கோ போய் முட்டும்.

மோதலைக் கண்டுபிடிக்கும் முறை இல்லாமல் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர் எழுதி 2008-இல் வெளியான விதிமுறைப்படி, முகவரியை எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கருவி மூன்று முறை “இது யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விண்டோஸ் இப்படிக் கேட்கும். மோதல் தெரிந்தால் “Windows has detected an IP address conflict” என்று எச்சரிக்கை காட்டும். கணினியின் சிஸ்டம் பதிவேட்டில் 4199 என்ற எண்ணுடன் எதிராளியின் மேக் முகவரியையும் எழுதி வைக்கும். ஆனால் மோதலில் அந்தக் கணினியே ஒரு கட்சியாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். நம் ஹோட்டலில் மோதுவது பிரிண்டரும் இன்னொரு கருவியும். கல்லாக் கணினி வெறும் பார்வையாளர். அதன் திரையில் “பிரிண்டர் ஆஃப்லைன்” என்பதைத் தவிர ஒன்றும் வராது. மலிவான பிரிண்டர்கள் பலவும் முகவரியை எடுக்கும் முன் யாரையும் கேட்பதில்லை.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு: பிரிண்டரை அணைத்துவிட்டு அதைக் கூப்பிட்டுப் பார்ப்பது. பிரிண்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதே ரூட்டரில் இணைந்த விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து இந்த மூன்றையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

```
arp -d 192.168.1.50
ping 192.168.1.50
arp -a
```

முதல் வரி பழைய குறிப்பை அழிக்கிறது. இரண்டாவது அந்த முகவரியைக் கூப்பிடுகிறது. மூன்றாவது, பதில் சொன்னவரின் மேக் முகவரியைக் காட்டுகிறது. பிரிண்டர் அணைந்திருக்கும்போதே பதில் வந்தால் விஷயம் உறுதி.

இங்கே பலர் சறுக்குவது இரண்டாவது வரியில்தான். பிங் பதில் வரவில்லை என்றால் “யாரும் இல்லை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பிங்குக்கு வாய் திறக்காதபடி பூட்டப்பட்ட கருவிகள் நிறைய உண்டு. ஆனால் வலையமைப்பில் இருக்க வேண்டுமானால் ஏஆர்பி கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எனவே திரையில் “Request timed out” என்று வந்தாலும் மூன்றாவது வரியைப் பார்க்காமல் விடக்கூடாது. அதில் அந்த முகவரிக்கு எதிரே ஒரு மேக் எண் இருந்தால் ஆள் இருக்கிறார், பேசவில்லை என்று பொருள். மாறாக, சொந்தக் கணினியின் முகவரியிலிருந்தே “Destination host unreachable” என்று வந்தால் அந்த நேரத்தில் உண்மையிலேயே யாரும் இல்லை. மோதல் இல்லை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஹோட்டலில் மதியம் மூன்றரைக்குச் சோதித்திருந்தால் இந்தப் பதில்தான் வந்திருக்கும். கோளாறு இருக்கும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும்.

மாலை ஏழு மணிக்குச் சோதித்தபோது கிடைத்தது இது:

```
192.168.1.50    6e-41-0b-93-c7-2d    dynamic
```

பிரிண்டரின் சுய சோதனைத் தாளில் அச்சாகியிருந்த மேக் எண் வேறு. ஆக, இது அயலார்.

அடுத்த கேள்வி, யார் இவர்? மேக் எண்ணின் முதல் மூன்று ஜோடிகள் வழக்கமாகத் தயாரிப்பு நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். இணையத்தில் தேடினால் கேமரா நிறுவனமா, டிவி நிறுவனமா என்று தெரிந்துவிடும். பாதி வழக்கு அங்கேயே முடியும். இந்த எண்ணுக்கோ எந்த நிறுவனமும் கிடைக்காது. காரணம் இரண்டாவது எழுத்தான `e`. அந்த இடத்தில் `2`, `6`, `a`, `e` ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஆலையில் பொறித்த எண் அல்ல, கருவி தானே உருவாக்கிக்கொண்டது. இன்றைய செல்போன்கள் பயனரைப் பின்தொடர முடியாதபடி வைஃபையில் இப்படிப் புனைப்பெயரில்தான் நுழைகின்றன. அந்தரங்கத்துக்கு நல்லது, துப்பறிபவருக்குத் தலைவலி. ஆனாலும் ஒரு துப்பு கிடைத்துவிட்டது: இது அநேகமாக யாரோ ஒருவரின் போன்.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் அதே மேக் எண் இருக்கும். பக்கத்தில் போனின் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. பெயர் இல்லாவிட்டால் அந்த எண்ணை மட்டும் ரூட்டரில் தடை செய்துவிட்டுக் காத்திருக்கலாம். “அண்ணே, எனக்கு மட்டும் நெட்டு நின்னுடுச்சு” என்று ஒருவர் வருவார். நாகரிகமான முறை என்று சொல்ல முடியாது, ஆனால் பலிக்கும். ஹோட்டலில் அப்படி வந்தவர் ஒரு சப்ளையர். காலை ஐந்தரைக்கு வருவார், மூன்று மணிக்கு அறைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புவார். வைஃபை சில நாளாக இழுக்கிறது என்று அவரும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு வர வேண்டிய வீடியோவின் துண்டுகள் பிரிண்டருக்குப் போனால் பின் எப்படி ஓடும்?

அவர் மீது தவறில்லை. முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வேலையை ரூட்டர் செய்கிறது. இந்த ரூட்டரில் வழங்கும் வரம்பு 192.168.1.2 முதல் 254 வரை என்று இருந்தது. 50 ஏற்கெனவே பிரிண்டருக்குப் போய்விட்டது என்று ரூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. கருவிகள் குறைவாக இருந்தவரை வரிசை 50-ஐ எட்டவில்லை. வாடிக்கையாளர்களுக்கும் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்கத் தொடங்கியபின் எட்டிவிட்டது. விடியற்காலையில் பிரிண்டர் அணைந்திருந்ததால், அந்த நேரத்தில் கேட்டுப் பார்த்தாலும் “அது என்னுடையது” என்று சொல்ல ஆளில்லை.

தீர்வு ஐந்து நிமிட வேலை. ரூட்டர் வழங்கும் வரம்பை 100 முதல் 200 வரை என்று சுருக்கினால் 50 என்ற எண் பொதுப் புழக்கத்திலிருந்து விலகிவிடும். அல்லது பிரிண்டரின் மேக் எண்ணை ரூட்டரில் பதிந்து, “இவருக்கு எப்போதும் 50” என்று ஒதுக்கிவைக்கலாம். வரம்பை மாற்றியவுடன் மோதல் நின்றுவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போன் வாங்கிய முகவரிக்குக் குத்தகைக் காலம் உண்டு. அது முடியும்வரை, அல்லது வைஃபையை அணைத்துப் போடும்வரை, பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான ஒரு வகை உண்டு. வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி, அதன் லேன் துளையில் கேபிளைச் செருகிவிடுவார்கள். பழையதும் 192.168.1.1, புதியதும் ஆலையிலிருந்தே 192.168.1.1 என்றால், வாசற்கதவின் எண்ணே இரண்டாகிவிடும். அப்போது ஒரு பிரிண்டர் மட்டுமல்ல, மொத்தக் கடைக்கும் இணையம் விட்டு விட்டு வரும். இரண்டு கணினிகளில் `arp -a` கொடுத்து, 192.168.1.1-க்கு எதிரே வெவ்வேறு மேக் எண்கள் தெரிந்தால் இதுதான் காரணம். புதியதைத் தனியே ஒரு கணினியில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஹெச்சிபியை அணைத்துவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். அந்த 2 என்ற எண்ணும் பழைய ரூட்டர் வழங்கும் வரம்புக்குள் இருக்கக் கூடாது.

இந்தச் சோதனைகள் எல்லாம் அதே வலையமைப்புக்குள் இருந்தால்தான் பலிக்கும். ஏஆர்பியின் குரல் ரூட்டரைத் தாண்டாது. விருந்தினர் வைஃபையில் இணைந்த மடிக்கணினியில் உட்கார்ந்து தேடினால் எதுவும் அகப்படாது.

பிரிண்டரின் சுய சோதனைத் தாளைக் கிழித்துப் போடாமல் அதன் பக்கவாட்டிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கேமராவோ பிரிண்டரோ மாட்ட வருபவர் கிளம்பும் முன், எந்த எண்ணைப் போட்டார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.