போல்ட்டிலிருந்து டெஸ்டிங்குக்கு

கோவையில் வீட்டுக்கான மோனோபிளாக் பம்பு தயாரிக்கும் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு அசெம்பிளி லைனின் கடைசி நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் கேசிங்கை வைத்து ஏர் கன்னால் போல்ட் முறுக்குகிறார். அடுத்தவர் டெர்மினல் பெட்டியில் ஒயர் இணைக்கிறார். மூன்றாமவர் தண்ணீர் விட்டு ஓட்டி, கசிகிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கிறார். நான்காமவர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டுகிறார். எட்டு மணி நேரமும் இதே வேலைதான். கன் பிடித்தவருக்குச் சாயங்காலம் மணிக்கட்டு மரத்துப்போகும். பேக்கிங்காரருக்கு இடுப்பு பிடிக்கும். ஒயரிங்காரருக்கோ மதியத்துக்கு மேல் கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது.

இடம் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து இடத்துக்குத் தள்ளிக்கொண்டே போவதுதான் முதலில் நடக்கும் தப்பு. போல்ட்டை விட்டு ஒயரிங்குக்குப் போனால் வேலையின் பெயர்தான் மாறுகிறது. அங்கும் இங்கும் உழைப்பது அதே விரல்கள், அதே மணிக்கட்டு. எனவே ஒவ்வொரு இடத்திலும் உடம்பில் எது களைக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். போல்ட்டில் மணிக்கட்டு, டெஸ்டிங்கில் கண்ணும் காலும், ஒயரிங்கில் விரல், பேக்கிங்கில் இடுப்பு. இதே வரிசையில் சுற்றினால் விரல் வேலை இரண்டும் அடுத்தடுத்து வராது. காலை டீ, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ ஆகிய மூன்று இடைவேளைகளிலும் இடம் மாறினால், நான்கு பேரும் நான்கு இடத்திலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நின்றிருப்பார்கள்.

இந்த வரிசையிலும் ஓர் ஓட்டை உண்டு. பேக்கிங் முடித்து போல்ட்டுக்கு வருபவர், பம்பை இறுக்கிப் பிடித்துத் தூக்கிய அதே கையால் கன்னையும் பிடிக்கிறார். அதைச் சுழற்சியால் தீர்க்க முடியாது. கன்னை ஸ்பிரிங் வைத்து மேலிருந்து தொங்கவிட வேண்டும், பேக்கிங் மேஜையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தி ரோலர் போட வேண்டும். இதைச் செய்யாமல் ஆளை மட்டும் மாற்றினால் ஒருவருக்கு வந்த இடுப்பு வலி நான்கு பேருக்கும் வரும்.

இனி பழக்குவது. சுவரில் ஒரு பலகை வேண்டும். இடப்பக்கம் பெயர்கள், மேலே நான்கு வேலைகள், கட்டத்துக்கு ஒரு வட்டம். வேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் கால் வட்டத்தைக் கறுப்பாக்கலாம். ஒருவர் துணையோடு செய்தால் அரை, தனியாக நேரத்துக்குள் தப்பில்லாமல் செய்தால் முக்கால், பிறருக்குக் கற்றுத்தர முடிந்தால் முழு வட்டம். முக்கால் வராதவரைத் தனியாக நிறுத்தக் கூடாது. தொடக்கத்தில் பதினாறு கட்டத்தில் நான்குதான் நிறைந்திருக்கும். மீதிப் பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பழக்கி நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். பம்பு வியாபாரம் கோடையில் சூடு பிடிப்பதால், மழைக்காலத்திலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

தொடங்கியதும் ரிஜெக்ட் கூடும். எப்போது கூடுகிறது என்று மணிவாரியாகக் குறித்தால் காரணம் பிடிபடும். புதியவர் நிற்கும் நேரம் முழுக்கத் தப்பு வந்தால் பழக்கம் போதவில்லை. மாறிய முதல் கால்மணியில் மட்டும் வந்தால் கோளாறு கைமாற்றில் இருக்கிறது. மணி அடித்ததும் ஆறு போல்ட்டில் நான்கை முறுக்கிவிட்டு டீக்குப் போயிருப்பார். அடுத்து வந்தவர் முடிந்துவிட்டது என்று நினைத்து பம்பைத் தள்ளியிருப்பார். கையில் எடுத்த பம்பை முடித்துவிட்டே நகர வேண்டும் என்ற ஒரே விதி இதற்குப் போதும்.

சம்பளத்தைத் தொடாத திட்டம் அதிக நாள் ஓடாது. பீஸ் ரேட்டில் கை வேகத்தால் சம்பாதிப்பவரைத் தெரியாத வேலைக்கு அனுப்பினால் அன்றைய வருமானம் குறையும். அவர் மறுப்பது நியாயம்தான். பழகும் நாட்களுக்குப் பழைய சராசரியைக் கொடுத்து, முக்கால் வட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி சேர்க்க வேண்டும். அதைவிடப் பெரிய எதிரி ஆர்டர் நெருக்கடி. அன்றைக்கு சூப்பர்வைசர் வேகக்காரரைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவார். அது பத்து நாள் தொடர்ந்தால் பலகை வெறும் அலங்காரம்.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழற்சியையே கேலி செய்தார். கொஞ்ச நேரம் தட்டு கழுவிவிட்டுக் கரண்டி கழுவப் போவது போலத்தான் இது என்பது அவர் வாதம். நான்கு சலிப்பான வேலைகளைச் சுற்றினால் அவர் சொன்னதே நடக்கும். ஆனால் போல்ட் முறுக்கிய கையோடு ஒருவர் டெஸ்டிங்கில் வந்து நிற்கிறார். கேசிங்கின் ஒரு பக்கம் சொட்டுகிறது. போல்ட்டை எதிரெதிராக முறுக்காமல் சுற்று வரிசையில் முறுக்கினால் இப்படி ஆகும் என்பது அவருக்குக் கையாலேயே தெரியும். ரிஜெக்ட் சீட்டு எழுதுமுன் நாலடி தள்ளி நிற்பவரிடம் போய், “அண்ணா, எதிரெதிரா முறுக்குங்க, ஒரு பக்கம் சொட்டுது” என்று சொல்லிவிட்டு வருகிறார்.