திறந்தவெளி மணமேடைக்கு மின்சாரம்: சர்க்யூட் பிரிப்பும் கேபிள் பாதுகாப்பும்

திறந்தவெளியில் நடக்கும் திருமண வரவேற்புக்கான மின் ஏற்பாடு, மின்சுமைப் பட்டியலில் தொடங்குகிறது. மேடை விளக்கு, மைக் செட், மின்விசிறி, தோரண சீரியல் செட், பந்தி நடக்கும் இடம், சமையற்கட்டு என்று மின்சாரம் தேவைப்படும் ஒவ்வொன்றையும் எழுதி, அதற்கு எதிரே வாட் அளவைக் குறிக்க வேண்டும். வீடியோ எடுப்பவர் கொண்டுவரும் விளக்குகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் விட்டுப்போகும். அவரிடம் முன்பே கேட்டு அவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நடுத்தர அளவிலான ஒரு வரவேற்பின் கணக்கு இப்படி அமையலாம். மேடையில் 100 வாட் எல்இடி விளக்குகள் 16, ஆக 1.6 கிலோவாட். மைக் செட் 2.5, மின்விசிறிகள் 0.9, வீடியோ விளக்குகள் 1.2, பந்தி இடம் 2, சீரியல் செட் 1.8, சமையற்கட்டின் கிரைண்டர்கள் 2.2. எல்லாம் சேர்ந்து 12.2 கிலோவாட். கடைசி நேரத்தில் சேரும் சாதனங்களுக்காகக் கால் பங்கு கூட்டினால் சுமார் 15 கிலோவாட். ஜெனரேட்டரின் அளவு கேவிஏ கணக்கில் சொல்லப்படுவதால் இதை 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை 19 கேவிஏ. ஆகவே 25 கேவிஏ ஜெனரேட்டர் இதற்குத் தாராளமாகப் போதும்.

பேஸ் வாரியாகப் பிரித்தல்

மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு பேஸிலும் சுமை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் முதல் பேஸில் மேடை விளக்கில் பாதி, மைக் செட், மின்விசிறி, ஆக 4.2 கிலோவாட். இரண்டாவதில் கிரைண்டர்களும் சீரியல் செட்டும், 4 கிலோவாட். மூன்றாவதில் மேடை விளக்கின் மறுபாதி, வீடியோ விளக்கு, பந்தி இடம், 4 கிலோவாட்.

இந்தப் பிரிப்பில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. மேடை விளக்கு முழுவதும் ஒரே பேஸில் இல்லை. எனவே ஒரு பேஸ் போனாலும் மணமக்கள் நிற்கும் மேடை முழுதாக இருளாது. விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி இரு பேஸ்களிலும் கொடுத்தால், பாதி அணைந்தாலும் மேடை முழுக்க வெளிச்சம் பரவியிருக்கும். கிரைண்டர் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது அந்த பேஸின் மின்னழுத்தம் சற்றே சரியும். அதனால்தான் அது மைக் செட்டும் மேடை விளக்கும் இல்லாத பேஸில் வைக்கப்படுகிறது.

குழுவுக்கு ஒரு காவல்

ஒவ்வொரு பேஸையும் மேலும் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு எம்சிபி, ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கொடுக்க வேண்டும். எம்சிபி மிகைச் சுமையிலிருந்தும் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்தும் கேபிளைக் காக்கிறது. ஆர்சிசிபி காப்பது மனித உயிரை. பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அறிந்து அது இணைப்பைத் துண்டிக்கும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆர்சிசிபி போதும் என்று விட்டால் தொல்லை வரும். எல்இடி விளக்குகளின் டிரைவர் ஒவ்வொன்றும் சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். பல விளக்குகளின் கசிவு ஒன்றாகச் சேரும்போது, பழுதே இல்லாமல் ஆர்சிசிபி விழக்கூடும். மழைத்தூறலில் தோரணத்தின் சீரியல் செட் நனைந்தால் மேடையும் மைக்கும் சேர்ந்தே நின்றுபோகும். குழு தனியாக இருந்தால் தோரணம் மட்டும் அணையும், வரவேற்பு தொடரும்.

ஒரு குழுவின் நியூட்ரலை அடுத்த குழுவின் நியூட்ரலோடு சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. அதை விடுத்து ஆர்சிசிபியையே கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்பது உயிரோடு விளையாடும் செயல்.

நியூட்ரலும் எர்த்தும்

மூன்று பேஸ் ஏற்பாட்டில் மிகுந்த சேதம் விளைவிப்பது பொது நியூட்ரல் அறுந்துபோவதுதான். அப்போது 230 வோல்ட்டுக்கான சாதனங்கள் இரண்டு பேஸ்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். சுமை குறைந்த பக்கத்தில் மின்னழுத்தம் 300 வோல்ட்டையும் தாண்டலாம். சில விளக்குகள் திடீரெனப் பளிச்சிட்டு, வேறு சில மங்கினால் அது இதற்கான அறிகுறி. உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஜெனரேட்டரிலும் மெயின் போர்டிலும் நியூட்ரல் திருகுகளை நன்றாக முடுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்ப்பது இதைத் தடுக்கும்.

ஜெனரேட்டரின் நியூட்ரலை ஓரிடத்தில் எர்த்துடன் இணைக்க வேண்டும். இரும்பு மேடைச் சட்டம், விளக்குத் தாங்கும் டிரஸ், ஜெனரேட்டர் உடல் ஆகியவையும் அதே எர்த்துடன் இணைய வேண்டும். நியூட்ரல் எர்த் ஆகாவிட்டால், பழுதான விளக்கிலிருந்து டிரஸ்ஸுக்குக் கசியும் மின்சாரம் ஜெனரேட்டருக்குத் திரும்ப வழியில்லை, ஆர்சிசிபி விழாது. அதன் மேலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அப்போதும் விழும். அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே செயற்கையாக ஒரு சமமின்மையை உண்டாக்குகிறது; எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்வதில்லை. எர்த் இணைப்பை மீட்டர் வைத்துத் தனியே சோதிக்க வேண்டும்.

மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டரும் இரண்டுமே இருந்தால், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் தேவை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே கூடாது. சேர்ந்தால் ஜெனரேட்டர் எரிவதோடு, வெளியே கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து.

கேபிள் நடைபாதையைக் கடக்கும் இடம்

கேபிள் பெரும்பாலும் பழுதாவது விருந்தினர் நடக்கும் வழியிலும் வண்டி ஏறும் வழியிலும்தான். ஆகவே மைதானத்தின் வரைபடத்தில் முதலில் மக்கள் வரும் பாதை, பந்தி தள்ளுவண்டிப் பாதை, தண்ணீர் லாரி வரும் வழி மூன்றையும் குறித்து, அவற்றைத் தவிர்த்துக் கேபிளைக் கொண்டுபோக வேண்டும். தவிர்க்க முடியாத கடப்புகளை ஒன்றிரண்டு இடங்களுக்குள் அடக்குவது நல்லது.

நடைபாதையில் கேபிளை ரப்பர் ராம்ப்பின் குழிக்குள் வைத்து, பாதைக்குச் செங்குத்தாகக் கடத்த வேண்டும். அப்போது கடக்கும் நீளம் குறையும். சேலை, வேட்டி அணிந்தவரின் கால் தடுக்குவதும் குறையும். ராம்ப்பின் ஓரத்தில் மஞ்சள் பட்டை இருந்தால் இரவிலும் தெரியும். வண்டி ஏறும் இடத்தில் கனமான இரும்புக் குழாயை மண்ணில் புதைத்து, அதற்குள் கேபிளைச் செலுத்துவதே பாதுகாப்பு. குழாயின் முனைகளில் கூர் இருந்தால் உறையை வெட்டும். அவற்றைத் தேய்த்து மழுக்க வேண்டும். கம்பளத்தின் அடியில் வெறும் கேபிளை மறைத்துப் போடுவது ஆகாது. உறை நசுங்கினாலும் சூடேறினாலும் வெளியே தெரியாது.

கடக்கும் இடத்திலும் நீர் தேங்கும் தாழ்வான இடத்திலும் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், நீர்த்தடுப்பு உள்ள பிளக், சாக்கெட் வழியாக, தரைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். மிஞ்சிய கேபிளைச் சுருளாகவே விட்டுச் சுமை ஏற்றினால் அந்தச் சுருளில் வெப்பம் தேங்கி உறை உருகும்.

ஒத்திகைச் சோதனை

எல்லாச் சாதனங்களையும் ஒரே நேரத்தில் இயக்கி அரைமணி நேரம் ஓடவிடுவது கடைசிச் சோதனை. கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸின் மின்னோட்டத்தையும் அளந்தால், மேற்கண்ட கணக்கில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 17 முதல் 19 ஆம்பியர் வரும். மோட்டார் ஓடும் பேஸில் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். ஒன்று மட்டும் வெகுவாக உயர்ந்தால், யாரோ ஒரு சாதனத்தை இடம் மாற்றிச் செருகியிருக்கலாம். பிளக்குகளின் வெளியுடல் கைக்குச் சூடாகப்பட்டாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. தொலைவிலுள்ள விளக்கில் 215 வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் கேபிள் மெல்லியதா என்று பார்த்துத் தடிமனானதைப் போட வேண்டும். ஒவ்வொரு குழுவையும் தனித்தனியே அணைத்து, எந்த எம்சிபி எந்த இடத்துக்கு என்பதைப் போர்டில் எழுதி ஒட்ட வேண்டும். இந்த வேலைகள் அனைத்தையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். நிகழ்ச்சி முடியும்வரை அவர் மெயின் போர்டின் அருகிலேயே இருக்க வேண்டும்.