பார்த்தவர் ஏன் வாங்கவில்லை?

கிளிநொச்சியில் ஒருவர் நைட்டி தைத்து முகநூலில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் மாலையில் லயத்துக்கு வந்து அதை முடிவுவரை பார்க்கிறார். ஆனால் வாங்கவில்லை.

இப்படி முழுவதும் பார்த்துவிட்டுப் போனவருக்குப் பொருள் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு சந்தேகம் அவரைத் தடுத்திருக்கிறது. அவருக்கு அதே விளம்பரத்தைத் திரும்பவும் காட்டினால் சந்தேகம் அப்படியே இருக்கும். விலையைக் குறைத்தால் முதலில் சொன்ன விலை பொய்யோ என்று புதிய சந்தேகம் வரும். போரில் நாம் இழந்தவற்றைச் சொன்னால் அவர் மனம் இரங்குவார், ஆனால் "சாயம் போகுமா?" என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

பார்த்துவிட்டு வாங்காதவர்களுக்கு மட்டும் காட்டுவதற்கென்று இரண்டாவது விளம்பரம் ஒன்று உண்டு. அதைத் தொடர் விளம்பரம் என்று சொல்லலாம். கூகுள் நிறுவனம் 2010இல் இந்த வசதியைத் தந்தது. முகநூலிலும் இப்போது இருக்கிறது. லயங்களுக்குத் துணிமூட்டை சுமந்து வரும் வியாபாரி செய்வதும் இதுதான். போன முறை நீலத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தவரின் வாசலில், அடுத்த முறை அந்த நீலத்தைத்தான் முதலில் விரிப்பார்.

யாருக்குக் காட்டுவது?

முகநூலின் Ads Manager பக்கத்தில் Audiences என்ற பகுதிக்குப் போய் Custom audience, பின்னர் Video என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தவர்கள் வேண்டும் என்று அங்கே கேட்கும். 3 விநாடி பார்த்தவர் விரலால் தள்ளிக்கொண்டு போனவர். அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. முக்கால் பங்கு, அதாவது 75% பார்த்தவர்களே நமக்கு வேண்டியவர்கள். காலம் 30 நாள் என்று வைத்தால் போதும்.

அடுத்து Exclude என்ற இடத்தில், நமது பக்கத்துக்கு ஏற்கனவே செய்தி அனுப்பியவர்களை நீக்கிவிட வேண்டும். வாங்கியவருக்கே "இன்னும் யோசனையா?" என்று காட்டுவது அவரைச் சலிப்படையச் செய்யும். செய்தி அனுப்பிவிட்டு வாங்காதவருக்கு விளம்பரம் தேவையில்லை, நேரடியாகப் பதில் எழுதலாம். முக்கால் பங்கு பார்த்தவர்கள் ஒருசில நூறு பேராவது சேரும்வரை பொறுத்திருங்கள். கூட்டம் மிகச் சிறியதானால் விளம்பரம் ஓடாது, அல்லது அதே சிலருக்கே ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கும்.

சந்தேகங்களை எங்கே தேடுவது?

நாமே ஊகிக்கக் கூடாது. வந்த செய்திகளையும் கீழே எழுதிய கேள்விகளையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை தரம் வந்தது என்று எண்ணுங்கள். அதிகம் வந்த மூன்றை மட்டும் எடுங்கள். நைட்டிக்குச் சாயம், அளவு, பொதி வந்து சேர்வது ஆகிய மூன்றும் வந்ததாகக் கொள்வோம். தோட்டப்புறத்தில் மூன்றாவது பெரிய விடயம். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே கைக்கு வருகின்றன.

பேச்சு எப்படி அமைய வேண்டும்?

நாற்பது விநாடிக்கு மேல் வேண்டாம். பலர் சத்தத்தை நிறுத்திவிட்டே பார்ப்பதால் பேசுவதை எழுத்திலும் போடுங்கள். நமது ஊர்ப் பேச்சிலேயே பேசலாம்:

"சாயம் போகுமோ எண்டு யோசினையா? இஞ்ச பாருங்கோ, ஈர நைட்டியை வெள்ளைத் துணியில வைச்சுப் பிழியிறன். நீலம் விடேல்லை. கடும் சிவப்பு முதல் ரெண்டு தரம் கொஞ்சம் விடும், அதைத் தனியத் தோயுங்கோ.

"அளவு சரிவருமோ? உங்கட பழைய நைட்டியை விரிச்சு, ஒரு கக்கத்தில இருந்து மற்றக் கக்கம் மட்டும் அளவுங்கோ. 22 அங்குலம் வந்தால் 44 எடுங்கோ.

"லயத்துக்குப் பார்சல் வராட்டில், ஹட்டன் டவுனில கூரியர்க் கந்தோருக்கு அனுப்புறன். அங்க காசைக் குடுத்து எடுக்கலாம். அளவு பிழையெண்டால் ஏழு நாளுக்குள்ள அனுப்புங்கோ, மாத்தித் தாறன்.

"உங்கட அளவை மட்டும் எழுதி அனுப்புங்கோ. இருக்கிற நிறங்களைப் படமெடுத்து அனுப்புறன்."

சிவப்பு சாயம் விடும் என்று ஒப்புக்கொண்டதால்தான் நீலம் விடாது என்பதை நம்புவார்கள். பிழிவதைக் கண்ணால் காட்டுவது, "தரமானது" என்று பத்து முறை சொல்வதை விட மேலானது. மாற்றித் தருவதாகச் சொல்லுமுன் திரும்பி வரும் பொதியின் செலவை யார் ஏற்பது என்று தீர்மானித்து அதையும் சொல்லுங்கள். கடைசியில் "வாங்குங்கள்" என்று கேட்காமல் அளவை மட்டும் கேட்பது, அவர் எடுக்க வேண்டிய அடியைச் சிறிதாக்குகிறது.

சொல்லக் கூடாதவை

"நீங்கள் எங்கள் வீடியோவைப் பார்த்தீர்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த நமக்கு அந்தச் சொல்லின் பயம் தெரியும். "கடனில் இருக்கிறீர்களா?" என்று பார்ப்பவரின் நிலையைச் சுட்டிக் கேட்பதையும் முகநூல் விதிகள் தடுக்கின்றன. மேலும், ஒரு கைத்தொலைபேசியை வீடே பாவிக்கும் இடங்களில் தாய் பார்த்ததன் தொடர்ச்சி மகனின் கண்ணில் படும். உள்ளாடை போன்ற பொருட்களுக்கு இந்த முறை பொருத்தமில்லை.

எப்போது, எவ்வளவு?

கையில் காசில்லை என்ற தடைக்குப் பேச்சால் பதில் இல்லை, நாளால்தான் பதில். தோட்டங்களில் மாதச் சம்பளம் பெரும்பாலும் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கும். ஆகவே 9ஆம் திகதி தொடங்கி 14 வரை ஆறு நாள் ஓட்டுங்கள்.

நாளுக்கு 300 ரூபா என்றால் செலவு 1,800 ரூபா. ஒரு நைட்டியில் மிஞ்சுவது 400 ரூபா என்றால், நான்கு விற்றால் 1,600தான் வரும். ஐந்தாவது விற்ற பின்பே இலாபம். Frequency என்ற கட்டம், ஒருவர் சராசரியாக எத்தனை தரம் பார்த்தார் என்று காட்டும். அது நான்கைத் தாண்டியும் செய்திகள் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். நாம் பதில் சொன்ன சந்தேகம் அவர்களுடையது அல்ல. கொப்பியை மறுபடி பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். சம்பள நாளில் சிலர் இந்த விளம்பரம் இல்லாமலே வாங்கியிருப்பார்கள். எனவே ஒரு மாதம் ஓட்டி, அடுத்த மாதம் ஓட்டாமல் விட்டு, அதே ஆறு நாட்களின் விற்பனையை ஒப்பிட்டுப் பாருங்கள். தீபாவளி, தைப்பொங்கல் வரும் மாதங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கும் இடையில் ஐந்து நைட்டி வித்தியாசம் இல்லையென்றால், அந்த 1,800 ரூபாவுக்குத் துணி வாங்குவதே நல்லது.