ஒன்பது பக்க ஒப்பீனியனில் கடைசிப் பத்தி

வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனவர்களுக்கு ‘லீகல் ஒப்பீனியன்’ தெரிந்திருக்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் பார்த்து, சொத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று வழக்கறிஞர் எழுதித் தரும் கருத்துரை அது. முதல் பக்கத்தில் சுருக்கம் இருக்கும், நடுவில் பத்திரங்களின் வரலாறு வரும், கடைசியில் முடிவுரை. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பத்தியையும்தான் படிப்பார்கள். பிழை ஒளிந்திருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும். நடுப்பகுதியைப் பத்திரங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். முடிவுரையை முந்தைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டித் திருத்துகிறார்கள்.

ஒரு மாதிரி ஒப்பீனியனை எடுத்துக்கொள்வோம். சர்வே எண் 142/3B-ல் ஒரு மனை. உரிமையாளர் காலமானபோது மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு வாரிசுகள் இருந்தார்கள் என்கிறது 9-ஆம் பத்தி. மகளிடமிருந்து விடுதலைப் பத்திரம் பெற வேண்டும் என்கிறது 11-ஆம் பத்தி. சுருக்கத்திலோ ‘மூன்று வாரிசுகள்’. முடிவுரையில் ‘வில்லங்கமற்ற, விற்பனைக்குரிய உரிமை உள்ளது’ என்று முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. விடுதலைப் பத்திரம் பற்றிப் பேச்சே இல்லை.

இதைப் பிடிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் முடிவுரையைத் தனியாக அச்செடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயர், எண், தேதி, பரப்பு, நிபந்தனை ஆகியவற்றின் கீழும் கோடு போடுகிறார். கோடு போட்ட ஒவ்வொன்றும் உள்ளே எந்தப் பத்தியில் இருக்கிறது என்று தேடி, பத்தி எண்ணை ஓரத்தில் குறிக்கிறார். சுருக்கத்துக்கும் அப்படியே. இடம் கிடைக்காத விஷயம் பழைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம். வாரிசு எண்ணிக்கை இந்தச் சுற்றிலேயே சிக்கிவிடும்.

விடுதலைப் பத்திரம் சிக்காது, ஏனென்றால் முடிவுரையில் கோடு போட அந்தச் சொல்லே அங்கில்லை. அதற்காகத்தான் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. இப்போது நடுப்பகுதியில் ‘ஆனால்’, ‘பெற வேண்டும்’, ‘உட்பட்டு’, ‘காட்டப்படவில்லை’ போன்ற சொற்கள் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முடிவுரை வரை வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பலர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கடன் தருபவரைச் சிக்கலில் மாட்டிவிடுவது பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் கிடைப்பதுதான்.

கண்டுபிடித்ததை எப்படிக் கேட்பது? ‘மகளுக்கும் பங்கு உண்டே, விட்டுவிட்டீர்களே’ என்று எழுதினால் அது சட்டக் கருத்து. வாரிசுரிமைச் சட்டத்தை அவர் கரைத்துக் குடித்தவராகவே இருக்கட்டும், இந்த வேலையில் அதற்கு இடமில்லை. ‘பத்தி 11-ல் விடுதலைப் பத்திரம் பெற வேண்டும் என உள்ளது, முடிவுரையில் இல்லை. எது சரி?’ என்பது போதும். விடுதலைப் பத்திரம் இடையில் கைக்கு வந்து, 11-ஆம் பத்தியைத் திருத்த மறந்திருக்கலாம். அப்படியானால் முடிவுரைதான் சரி. அதைச் சொல்ல வேண்டியவர் கையெழுத்திடும் வழக்கறிஞர்.

எண்களிலும் இதே கட்டுப்பாடு உண்டு. சொத்து விவரத்தில் 5½ சென்ட், சுருக்கத்தில் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று பெருக்கினால் 2,395.8 வருகிறது. யாரோ ஒரு கிரவுண்டு என்று முழுமையாக்கிவிட்டார்களா, பத்திரத்திலேயே இரண்டு அளவும் இருக்கிறதா? மெய்ப்புப் பார்ப்பவர் கால்குலேட்டரை நம்பி எண்ணை மாற்றக் கூடாது; கேள்வியாகத்தான் எழுப்ப வேண்டும். நடை மெருகேற்றுவதும் அப்படித்தான். ‘உரிமை இருப்பதாகத் தெரிகிறது’ என்பதை ‘உரிமை இருக்கிறது’ என்று சுருக்கினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வழக்கறிஞர் தராத உறுதியை அவர் பெயரில் தந்ததாகிவிடும்.

சுருக்கத்தை மட்டும் நம்புவதன் ஆபத்து நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1906-ல் டெட்ராய்ட் டிம்பர் வழக்கில், பழைய தீர்ப்பொன்றின் தலைக்குறிப்பைக் காட்டி ஒரு தரப்பு வாதாடியது. தலைக்குறிப்பு நீதிமன்றம் எழுதியதல்ல, அது அந்தத் தீர்ப்பைத் தவறாகவும் காட்டுகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றும் அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புச் சுருக்கங்கள் இந்த வழக்கைச் சுட்டும் எச்சரிக்கையோடுதான் வெளியாகின்றன.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நடுப்பகுதியே சர்வே எண்ணைத் தப்பாகச் சொல்லி, முடிவுரையும் அதையே சொன்னால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். அதைப் பிடிக்க மூலப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். அது வேறு வேலை.

வழக்கறிஞர் பதில் எழுதித் திருத்திய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம், முடிவுரைக்குக் கீழே வரும் ஆவணப் பட்டியல். 1987-ஆம் ஆண்டுத் தாய்ப்பத்திரத்தின் சான்றிட்ட நகல்தான் காட்டப்பட்டது என்று 4-ஆம் பத்தி சொல்ல, பட்டியலில் ‘அசல்’ என்று இருந்தால், அடமானம் எழுதும் நாளில் வங்கி அதிகாரி அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கடன்தாரரிடம் அசலைக் கேட்பார்.