கணவாய் வழியே ஒரு தொகையீடு

வானவில்லின் ஊதா ஓரத்துக்கு உட்புறம் சில நேரங்களில் மெல்லிய வரிகள் இரண்டு மூன்று தெரியும். ஒளிக்கதிர் மழைத்துளிக்குள் நுழைந்து, ஒருமுறை எதிரொளித்து, வெளியேறுகிறது என்று பள்ளியில் படித்த கணக்கு வில் தோன்றும் கோணத்தைச் சரியாகவே தரும். சுமார் 42 பாகை. இந்த வரிகளைப் பற்றி மட்டும் அது வாய் திறக்காது. ஒளி அலையாக இருப்பதால் வரும் வரிகள் அவை. வில்லுக்கு உட்புறம் ஒவ்வொரு திசையிலும் துளியிலிருந்து இரண்டு கதிர்கள் வெளிவருகின்றன. அவற்றின் அலைகள் ஒத்துப்போகும் இடத்தில் வெளிச்சம், முரண்படும் இடத்தில் இருட்டு.

இந்த வெளிச்சத்தை அளவிட ஒரு சூத்திரம் தந்தவர் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் பிடெல் எய்ரி. 1838இல் அவர் எழுதிய தொகையீடு இன்றைய வடிவில் இப்படி இருக்கும்:

Ai(x) = (1/2π) ∫ exp[ i(t³/3 + xt) ] dt (t: −∞ முதல் +∞ வரை)

x என்பது வில்லின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதன் அளவு. x நேர்மமானால் இருண்ட பக்கம், எதிர்மமானால் வெளிச்சப் பக்கம். Ai(x)இன் வர்க்கம் ஒளியின் செறிவைத் தரும்.

சூத்திரம் எளிது, எண் எடுப்பதுதான் பெரும்பாடு. exp[iθ] என்பது cos θ + i sin θ. ஆகவே தொகையீட்டுக்குள் இருப்பதன் அளவு எல்லா இடத்திலும் சரியாக 1. t பெரிதாகப் பெரிதாக அலைவு மேலும் மேலும் நெருங்குமே தவிர, அடங்காது. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சும் துளிதான் விடை. எய்ரி சிறுசிறு கூறுகளாகக் கூட்டிப் பட்டியல் போட்டார். பிறகு தொடர் வழியே அதைச் சற்று நீட்டினார். அத்தனை உழைப்புக்கும் அந்தப் பட்டியலில் அகப்பட்டவை முதல் இரண்டு இருள் பட்டைகள்தாம். கேம்பிரிட்ஜில் மில்லர் என்ற கனிமவியல் பேராசிரியரோ ஆய்வுக்கூடத்தில் மெல்லிய நீர்த்தாரையில் ஒளி பாய்ச்சி 30 இருள் பட்டைகளை அளந்து வைத்திருந்தார்.

இந்த முட்டுக்கட்டையை 1850இல் நீக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். தொகையீடு நிறைவுசெய்யும் வகைக்கெழுச் சமன்பாட்டைப் பிடித்து, x பெரிதாகும்போது செல்லும் தோராயத்தைக் கண்டார். அதே விடையை இன்னும் தெளிவாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. ரீமான் 1863இல் எழுதி வெளியிடாமல் விட்ட குறிப்பில் அது இருந்தது. அதை எடுத்து பெஸல் சார்புகளுக்குப் பயன்படுத்தி 1909இல் முழு முறையாக்கியவர் பீட்டர் டிபை. தொகையீடு செல்லும் பாதையையே வளைத்துவிடுவதுதான் அந்த முறை.

முதலில் இருண்ட பக்கத்தைப் பார்ப்போம். t = √x · u என்று மாற்றி எழுதினால்,

Ai(x) = (√x/2π) ∫ exp[ λ f(u) ] du, f(u) = i(u³/3 + u), λ = x^(3/2)

இங்கே λதான் பெரிய எண். λ கூடக்கூட அலைவு கடுமையாகிறது.

இதுவரை u மெய்யெண் கோட்டில் நடந்தது. அந்தக் கோட்டிலேயே நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. f(u)இல் எந்த இடத்திலும் உடைப்போ வெடிப்போ இல்லாததால், இரு முனைகளும் பாதுகாப்பான இடத்தில் இருக்கும்வரை, கலப்பெண் தளத்தில் பாதையை எப்படி வளைத்தாலும் தொகை மாறாது. இது கோஷியின் தேற்றம். தொகை மாறாது, ஆனால் வழியில் எதிர்ப்படும் எண்கள் மாறும். நமக்கு வேண்டியது அதுதான்.

f(u)இன் மெய்ப்பகுதியைத் தரையின் உயரமாக எண்ணிக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் தொகையீட்டுக்குள் இருப்பது பெரிதாகும், குறைந்தால் சிறிதாகும். இப்படிப்பட்ட நிலப்பரப்பில் சிகரமும் இராது, குழியும் இராது; f′(u) = 0 ஆகும் இடங்களில் கணவாய்கள் மட்டுமே இருக்கும். ஒரு திசையில் பார்த்தால் அங்கே ஏற்றம், குறுக்கே பார்த்தால் இறக்கம். குதிரைச் சேணத்தின் வடிவம் என்பதால் இதற்குச் சேணப்புள்ளி என்று பெயர். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டியவர் மேட்டில் ஏறி இறங்கமாட்டார், கணவாயைத்தான் தேடுவார். அதைத் தாண்டி இருபுறமும் மிகச் செங்குத்தாக இறங்கும் பாதையில் இன்னொரு லாபமும் உண்டு: அங்கே f(u)இன் கற்பனைப் பகுதி மாறுவதில்லை, அதனால் அலைவு அறவே நின்றுவிடுகிறது.

நம் கணக்கில் f′(u) = i(u² + 1). இது சுழியாகும் இடங்கள் u = i, u = −i. முதலாவதன் உயரம் −2/3, இரண்டாவதன் உயரம் +2/3. எதன் வழியே போவது? உயரத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். தொலைவில் மூன்று பள்ளத்தாக்குகள் உள்ளன. அவற்றின் திசைகள் 30, 150, 270 பாகை. மெய்யெண் கோட்டின் இடமுனை 150 பாகைப் பள்ளத்தாக்கின் ஓரத்திலும், வலமுனை 30 பாகைப் பள்ளத்தாக்கின் ஓரத்திலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் கணவாய் u = i. கீழே உள்ள u = −i நமக்கு வேண்டாத கணவாய். அதைச் சேர்த்துக்கொண்டால் விடையில் exp(+2λ/3) என்று பூதாகரமான எண் நுழையும். இருண்ட பக்கம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமாக வந்தால், தவறான கணவாயில் ஏறிவிட்டோம் என்று பொருள்.

இனி u = i + v என்று வைத்து விரித்தால், தோராயமே இல்லாமல் இப்படி வருகிறது:

f = −2/3 − v² + i v³/3

v மெய்யெண்ணாக இருக்கட்டும். அதாவது பழைய கோட்டை அப்படியே ஓர் அலகு மேலே தூக்கி வைக்கிறோம். செங்குத்தாக இறங்கும் உண்மைப் பாதை ஓர் அதிபரவளையம். நம் கோடு கணவாயில் அதைத் தொட்டுச் செல்கிறது; அது போதும். exp(−λv²) என்ற காரணி, v சற்று விலகியதுமே எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. எஞ்சும் அலைவான v³/3 கணவாய்க்கு அருகில் மிகச் சிறியது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது மணி வடிவ வளைவின் பரப்பு, √(π/λ). ஆக,

Ai(x) ≈ exp(−⅔ x^(3/2)) / (2 √π x^(1/4))

x = 4 என்று போட்டுப் பார்ப்போம். λ = 8. exp(−16/3) = 0.0048279. சூத்திரம் தருவது 0.000963, சரியான மதிப்பு 0.00095156. பிழை 1.2 சதவீதம்தான்.

விட்டுவிட்ட v³ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா? தூக்கி வைத்த கோட்டில் exp(−8v²) cos(8v³/3) என்பதன் மதிப்பை 0.25 இடைவெளியில் எடுத்தாலே போதும். v = 0இல் 1; 0.25இல் 0.60600, 0.5இல் 0.12789, 0.75இல் 0.00479, 1இல் −0.00030. அதற்கப்பால் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். இருபுறமும் சேர்த்துக் கூட்டி 0.25ஆல் பெருக்கினால் 0.6192. அதை 0.0048279ஆல் பெருக்கி πயால் வகுத்தால் 0.0009516. ஐந்து மதிப்புகளில் வேலை முடிந்தது. மெய்யெண் கோட்டிலோ 1 அளவுள்ள அலைகளைக் கூட்டிக் கழித்து 0.003 அளவுள்ள எச்சத்தைப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். புதிய பாதையில் மிக உயர்ந்த இடமே 0.0048தான், அடித்துக்கொள்ள அங்கே பெரிய எண்களே இல்லை.

வெளிச்சப் பக்கத்துக்கு வந்தால் x எதிர்மம். −xஐ எடுத்துக்கொண்டால் f(u) = i(u³/3 − u); கணவாய்கள் மெய்யெண் கோட்டுக்கே இறங்கி u = +1, u = −1 என்று நிற்கின்றன. இரண்டின் உயரமும் சுழி, அதனால் ஒன்றை ஒதுக்க வழியில்லை. பாதை 150 பாகைப் பள்ளத்தாக்கில் தொடங்கி, −1ஐத் தாண்டி, 270 பாகைப் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி +1ஐத் தாண்டி, 30 பாகைக்குப் போகிறது. கணவாய்களை அது 45 பாகைச் சாய்வில் கடப்பதால் விடையில் π/4 என்ற கட்டம் ஒட்டிக்கொள்கிறது:

Ai(−x) ≈ cos(⅔ x^(3/2) − π/4) / (√π x^(1/4))

துளியிலிருந்து வந்த இரண்டு கதிர்கள்தாம் இந்த இரண்டு கணவாய்கள். கொசைன் சுழியாகும் இடங்கள் இருள் பட்டைகள். முதல் பட்டைக்குச் சூத்திரம் தருவது 2.320, சரியான மதிப்பு 2.338. மூன்றாவதற்கு 5.517, சரியானது 5.521. பத்தாவதற்கு 12.828, சரியானது 12.829. கூட்டிக் கூட்டிக் கணக்கிடுபவருக்கு விளிம்பிலிருந்து விலக விலகப் பாடு அதிகம். இந்தச் சூத்திரத்துக்கோ விலக விலகத் துல்லியம் கூடுகிறது. ஸ்டோக்ஸ் இதே தோராயத்தின் துணையோடு 50 சுழிகளைப் பட்டியலிட்டார். மில்லரின் 30 பட்டைகளும் அதற்குள் அடங்கின.

இந்த முறை எங்கே காலை வாரும்? வில்லின் விளிம்பில்தான். x = 1இல் பிழை 7 சதவீதம். x = 0.1இல் சூத்திரம் 0.491 என்கிறது, சரியான மதிப்பு 0.329. x = 0இல் சூத்திரம் முடிவிலிக்கே ஓடிவிடுகிறது, உண்மையில் அங்கே மதிப்பு 0.355. காரணம் வெளிப்படை. பழைய tயில் பார்த்தால் இரு கணவாய்களுக்கும் இடையே தூரம் 2√x. ஒவ்வொரு கணவாயிலும் மணி வளைவின் அகலம் ஏறக்குறைய 1/x^(1/4). x குறையக் குறையத் தூரம் சுருங்குகிறது, அகலம் பெருகுகிறது. ஒரு கணவாயின் மணி வளைவு மற்றதன் மேல் படரத் தொடங்கியதும், இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டது செல்லாமல் போகிறது. எந்தத் தொகையீட்டை எடுத்தாலும் விடையை நம்பும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு அளவுகள் இவை.

கணவாய்கள் நெருங்கும்போது என்ன செய்வது என்பதற்கு 1957இல் செஸ்டர், ஃபிரீட்மன், அர்செல் ஆகிய மூவரும் வழி சொன்னார்கள். இரண்டு கணவாய்கள் இணையும் இடத்தில் f(u)ஐ மணி வளைவுக்குரிய இருபடியாகச் சுருக்க முடியாது. மாறியைத் தக்கபடி மாற்றினால் முப்படியாக்கலாம். முப்படியாக்கியதும் கிடைப்பது எய்ரியின் தொகையீடேதான். அதனால் ஒரு கணவாய்க்கு √(π/λ) எப்படியோ, நெருங்கி நிற்கும் இரண்டு கணவாய்களுக்கு Ai அப்படி. வேறு தொகையீடுகளில் இதே சிக்கல் வரும்போது, எய்ரியின் பட்டியலிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.